ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க எவ்வளவு செலவழிக்கலாம்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சுங்குடிப் புடவைகளை இன்ஸ்டாகிராம் மூலம் விற்கிறேன். விற்பனையில் பத்து சதவீதத்தை விளம்பரத்துக்கு ஒதுக்கச் சொல்கிறார் ஒருவர். இருபது என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

இரண்டு பேருமே உங்கள் கணக்கு நோட்டைப் பார்க்காமல் சொல்கிறார்கள். ஒரு ஆர்டரில் உங்கள் கையில் என்ன மிஞ்சுகிறது என்று தெரிந்தால்தான், அதில் எவ்வளவை விளம்பரத்துக்கு விடலாம் என்று சொல்ல முடியும்.

நீங்கள் அனுப்பிய விவரப்படி, வரி போக ஒரு புடவைக்கு ரூ.1,200 வருகிறது. கொள்முதல் 700, கூரியர் 80, பெட்டியும் கவரும் 25, பணம் வசூலிக்கும் கட்டணம் 25. மிச்சம் ரூ.370. பலர் இங்கேயே நின்றுவிட்டு, ஒரு ஆர்டருக்கு 370 வரை செலவழிக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் உங்களுக்கு வரும் ஆர்டர்களில் பெரும்பாலானவை கேஷ் ஆன் டெலிவரி. நூறு ஆர்டரில் இருபது வாங்கப்படாமல் திரும்பி வருகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். திரும்பும் ஒவ்வொரு புடவைக்கும் போக 80, வர 80, பேக்கிங் 25 என்று ரூ.185 கைவிட்டுப் போகிறது.

இப்போது நூறு ஆர்டருக்குக் கணக்குப் போடுவோம். சேர்ந்த 80 புடவைகளில் 29,600 வருகிறது. திரும்பிய 20 புடவைகளில் 3,700 போகிறது. மிச்சம் 25,900. ஆக, பதிவாகும் ஒரு ஆர்டருக்கு உங்கள் உச்ச வரம்பு ரூ.259. அதையும் முழுதாகச் செலவழித்தால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. வாடகை, உதவியாள் சம்பளம், உங்கள் உழைப்பு எல்லாவற்றுக்குமாக ஆர்டருக்கு நூறு ரூபாய் வேண்டுமென்றால் இலக்கு ரூ.159. ஆர்டர் அந்த விலைக்குள் வரும்வரை மாத பட்ஜெட்டை முன்கூட்டியே பூட்டிவைக்க வேண்டியதில்லை, சரக்கும் கைமுதலும் தாங்கினால் போதும். அதைத் தாண்டினால் விற்பனையில் ஐந்து சதவீதம்கூட அதிகம்தான்.

விளம்பரத்தைத் தொடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பார்சல் கட்டுவதற்கு முன் கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர்களைப் போனில் உறுதிப்படுத்துங்கள். திரும்புவது இருபதிலிருந்து பத்தானால் அதே வரம்பு 259-லிருந்து 314-க்கு மேல் போய்விடும். விளம்பரத்தை எவ்வளவு மெருகேற்றினாலும் இவ்வளவு சுலபமாக ஐம்பது ரூபாய் கிடைக்காது.

ஆட்ஸ் மேனேஜரில் ஒரு ஆர்டருக்கு 150 ரூபாய் என்று காட்டுகிறது. ஆனால் மாதக் கடைசியில் பணம் மிஞ்சவில்லை. எங்கே போகிறது?

"Cost per result" என்ற இடத்தில் தெரியும் எண்ணில் ஜி.எஸ்.டி. இல்லை. பில்லில் 18 சதவீதம் சேரும்போது 150 என்பது 177 ஆகிவிடுகிறது. உங்களிடம் ஜி.எஸ்.டி. பதிவு இருந்து, அந்த எண்ணை விளம்பரக் கணக்கில் கொடுத்திருந்தால், தகுதியுள்ளவரை அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். பதிவு இல்லாவிட்டால் அது நேரடிச் செலவு.

அடுத்தது, அங்கே 'ஆர்டர்' என்று எண்ணப்படுவதெல்லாம் புது வாடிக்கையாளர் அல்ல. விளம்பரத்தைக் கிளிக் செய்து ஏழு நாளுக்குள் வாங்கியவரையும், கிளிக்கே செய்யாமல் பார்த்துவிட்டு ஒரு நாளுக்குள் வாங்கியவரையும் மெட்டா வழக்கமாகத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. எப்படியும் வாங்கியிருக்கக்கூடிய பழைய வாடிக்கையாளரும் இதில் வருவார். நூறு ஆர்டருக்கு வரியோடு 17,700 செலவு, அதில் 80 சேர்ந்தது, அவர்களில் 20 பேர் ஏற்கெனவே உங்களிடம் வாங்கியவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்தவர்கள் 60 பேர், ஒருவருக்கு ரூ.295. திரையில் தெரிந்த எண்ணுக்குக் கிட்டத்தட்ட இரு மடங்கு! ஆர்டர் பட்டியலில் போன் எண்ணை வைத்துப் பழையவர், புதியவர் என்று மாதம் ஒருமுறை பிரித்துப் பார்த்தால் போதும், பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். ஏஜென்சிக்குக் கட்டணம் கொடுக்கிறீர்கள் என்றால் அதையும் செலவில் சேருங்கள்.

வாரத்துக்கு 3,500 ரூபாய் போட்டபோது 28 வாடிக்கையாளர்கள் வந்தார்கள். 7,000 ஆக்கினேன், 35 பேர் வந்தார்கள். ஒருவருக்கு 200 ரூபாய்தானே, என் வரம்பு 250. தொடரலாமா?

வேண்டாம். சராசரி உங்களை ஏமாற்றுகிறது. கூடுதலாகப் போட்ட 3,500 ரூபாய்க்கு வந்தவர்கள் ஏழே பேர். அந்த ஏழு பேரில் ஒவ்வொருவருக்கும் நீங்கள் கொடுத்த விலை ரூ.500, அதாவது வரம்பைப் போல் இரண்டு மடங்கு. விளம்பரச் செலவுக்கு முன் ஒருவரிடம் 250 மிஞ்சுகிறது என்றால், முன்பு வாரத்துக்கு 3,500 லாபம் வந்தது. இப்போது விற்பனை கூடியும் 1,750தான்.

எளிதில் வாங்கக்கூடியவர்களை விளம்பரம் முதலில் பிடித்துவிடும். மேலும் பணம் போடப் போட, அவ்வளவு ஆர்வமில்லாதவர்களிடமும், ஏற்கெனவே பார்த்தவர்களிடமே திரும்பத் திரும்பவும் போகும். அதனால் பழைய 3,500-க்கே வந்து, ஐந்தில் ஒரு பங்கு கூட்டி 4,200 ஆக்கிப் பாருங்கள். கூடுதல் 700-க்கு மூன்று நான்கு பேராவது வந்தால் இன்னும் ஏற்றலாம். ஒரு வாரத்து ஏற்ற இறக்கத்தை நம்ப வேண்டாம், இரண்டு மூன்று வாரம் சேர்த்துப் பாருங்கள். தீபாவளி, ஆடித் தள்ளுபடி சமயத்து எண்களை இதில் கலக்காதீர்கள்.

ஆன்லைன் யோகா வகுப்பு நடத்துகிறேன். வாட்ஸ்அப்புக்கு வரும் விளம்பரத்தில் ஒரு விசாரணை 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. இது நல்ல விலைதானே?

விசாரித்தவர்களில் எத்தனை பேர் பணம் கட்டினார்கள் என்று தெரியாமல் சொல்ல முடியாது. 'இலவச வகுப்பு' என்ற விளம்பரத்தில் 25 ரூபாய்க்கு நூறு விசாரணை வந்து இரண்டு பேர் சேர்ந்தால், ஒருவருக்கு 1,250. கட்டணத்தையும் நேரத்தையும் வெளிப்படையாகப் போட்ட விளம்பரத்தில் ஒரு விசாரணைக்கு 60 ரூபாய் ஆகி, நூறில் பத்துப் பேர் சேர்ந்தால், ஒருவருக்கு 600. 'விலை என்ன?' என்று கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்களுக்குப் பதில் எழுதும் நேரமும் மிச்சம்.

உரையாடல் வந்தால் போதும் என்று அமைத்த விளம்பரம், எளிதில் உரையாடலைத் தொடங்குகிறவர்களைத்தான் தேடிப் போகும். அவர்கள் சேர்ந்தார்களா என்பது நீங்கள் சொல்லாதவரை அதற்குத் தெரியாது. ஒவ்வொரு விளம்பரத்துக்கும் வெவ்வேறு தொடக்கச் செய்தியை வைத்துவிட்டால், யார் எதிலிருந்து வந்தார்கள் என்பது முதல் வரியிலேயே தெரியும். பணம் கட்டியவர்களுக்கு வாட்ஸ்அப் பிசினஸில் தனி லேபிள் போடுங்கள்.

இட்லிப் பொடி, சாம்பார் பொடி விற்கிறேன். முதல் ஆர்டரில் 90 ரூபாய்தான் மிஞ்சும். வாடிக்கையாளருக்கு 180 ஆகிறது. திரும்ப வாங்குவார்கள் என்று நம்பித் தொடரலாமா?

நம்பிக்கையைப் பழைய ஆர்டர் பட்டியலில் சரிபார்க்கலாம். மூன்று மாதம் முன்பு விளம்பரத்தால் முதல்முறை வாங்கிய நூறு பேரை எடுங்கள். அதற்குப் பிறகு அவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து ஐம்பது ஆர்டர் போட்டு, ஒவ்வொன்றிலும் 140 மிஞ்சியிருந்தால் 7,000. தலைக்கு 70. முதல் ஆர்டரின் 90-ஐயும் சேர்த்தால் 160. இந்தக் கணக்குப்படி 180 என்பது மூன்று மாதத்தில் திரும்பி வராது. ஆறு மாதத்தில் வரலாம், ஆனால் அதுவரை மிளகாய்க்கும் பருப்புக்கும் கைக்காசு வேண்டும். உங்கள் கையிருப்பு தாங்கும் காலத்துக்குள் திரும்பி வரும் தொகையை மட்டும் வரம்பாக வையுங்கள்.

இதுவரை விளம்பரமே கொடுத்ததில்லை. சோதித்துப் பார்க்க எவ்வளவு ஒதுக்குவது?

முதல் பதிலில் உள்ளபடி உங்கள் வரம்பைக் கண்டுபிடித்து, அதை இருபதால் பெருக்குங்கள். வரம்பு 250 என்றால் 5,000. அதை ஐந்தாறு விளம்பரமாகப் பிய்க்காமல் ஒன்றிரண்டில் போடுங்கள். ஒரு விளம்பரம் வரம்பின் மூன்று மடங்கை, அதாவது 750-ஐத் தின்றும் ஒரு ஆர்டர்கூடத் தரவில்லை என்றால் நிறுத்திவிடலாம். உண்மையில் 250-க்கு ஆர்டர் தரக்கூடிய விளம்பரம் வெறும் துரதிர்ஷ்டத்தால் அப்படிக் காலியாகப் போக நூற்றில் ஐந்து வாய்ப்புதான்.