லைவ் விற்பனையை எந்த வரிசையில் நடத்துவது?

சின்ன அளவில் பைகள் விற்கிறேன். லைவ் போனால் எதை முதலில் சொல்வது, எப்படி முடிப்பது?

லைவ் விற்பனை என்பது நேரலையில் பொருளைக் காட்டி, கமெண்டிலேயே ஆர்டர் வாங்குவது. பார்ப்பவர்கள் ஒரே நேரத்தில் வருவதில்லை, கடைசிவரை இருப்பதுமில்லை. நிறுத்தம்தோறும் ஆள் ஏறும் பேருந்தில் நடத்துனர் போகுமிடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார் அல்லவா, அதே தேவைதான் இங்கும்.

6 பைகள், 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். முதல் 3 நிமிடத்தில் இன்று என்னென்ன இருக்கிறது, எப்படி ஆர்டர் செய்வது என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் ஒரு பைக்கு 5 நிமிடச் சுற்று. அந்தப் பைக்கு நீங்கள் கொடுத்த எண்ணைச் சொல்லி, தோளில் மாட்டி அளவு காட்டி, உள்ளறையையும் ஜிப்பையும் திறந்து காட்டுங்கள். நிறம் வெளிச்சத்தில் மாறித் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். பின்னால் திரும்பி வரும் பைகள் குறையும். விலை, எத்தனை இருக்கிறது என்பதோடு சுற்றை முடியுங்கள். கமெண்டில் முதலில் அந்த எண்ணைப் போட்டவர் பெயரை வாய்விட்டுப் படித்து, நோட்டில் எழுதுங்கள்.

சுற்றுகளுக்கு நடுவே 20 விநாடி நினைவூட்டல்: ஆர்டர் முறை, மீதமுள்ளவை. "விலை என்ன?" என்று கமெண்ட் குவிந்தால் நினைவூட்டல் போதவில்லை என்று அர்த்தம்.

கடைசி 5 நிமிடத்தில் விற்காத பைகளை வேகமாகக் காட்டி, பணம் கட்டும் கெடுவையும் அனுப்பும் நாளையும் அறிவியுங்கள். கெடு தாண்டினால் பை வரிசையில் அடுத்தவருக்கு.

கூட்டம் சேரட்டும் என்று தொடக்கத்தில் சும்மா காத்திருப்பது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வெறுமையான நிமிடங்களில்தான் முதலில் வந்தவர்கள் வெளியேறுகிறார்கள்.