பழைய மொபைல் விளம்பரம்: தலைப்பும் விவரமும்

கேள்வி: என் பழைய போனை விற்க விளம்பரம் போடுகிறேன். தலைப்பிலும் விவரத்திலும் போனின் நிலையையும் வாரண்டியையும் எப்படி எழுதுவது?

தலைப்பில் 'சூப்பர் கண்டிஷன்' வேண்டாம். அப்படி யாரும் தேடுவதில்லை. மாடல் பெயர், ரேம், ஸ்டோரேஜ், அப்புறம் வாரண்டி முடியும் மாதம். உதாரணமாக: "(மாடல் பெயர்) 8/128 ஜிபி, கருப்பு, வாரண்டி 2026 மார்ச் வரை, பில் உண்டு".

'வாரண்டி இருக்கிறது' என்று மட்டும் எழுதினால் எத்தனை மாதம் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். வாரண்டி பொதுவாகப் போன் முதலில் வாங்கப்பட்ட தேதியிலிருந்து கணக்காகும். கைமாறினால் புதிதாகத் தொடங்காது. வெளிக்கடையில் டிஸ்ப்ளே மாற்றியிருந்தால் வாரண்டி செல்லாமல் போகலாம். அதை மறைக்காமல் எழுதிவிடுங்கள்.

நிலையை இடம் சுட்டி எழுதுங்கள்: "திரையில் கீறல் இல்லை. கீழ் இடது மூலையில் அரிசி அளவு பெயிண்ட் உரிந்திருக்கிறது. 8 மாதம் பயன்படுத்தியது. டிஸ்ப்ளே, பேட்டரி மாற்றவில்லை. சார்ஜர், பெட்டி உண்டு." அந்த மூலையைக் கிட்டத்தில் படமெடுத்துப் போடுங்கள், நேரில் வந்தபின் விலை குறைக்கும் பேச்சு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

பில் படத்தில் ஐஎம்இஐ எண்ணை மறைத்துவிடுங்கள். வருபவர் போனில் *#06# அழுத்தி, திரையில் வரும் அந்த எண்ணைப் பில்லோடு நேரில் ஒப்பிட்டுக்கொள்ளட்டும்.