ஷார்ட் சர்க்யூட் விலக்கு எதுவரை?

"கடைக்குத் தீ காப்பீடு எடுக்கப் போகிறேன். விலக்குகளில் ஷார்ட் சர்க்யூட் என்று போட்டிருக்கிறது. மின்கசிவில் கடை எரிந்தால் ஒன்றுமே கிடைக்காதா?"

கிடைக்கும். அந்த விலக்கு பெரும்பாலும் கோளாறு வந்த அந்த ஒரு சாதனத்துக்கு மட்டும்தான். ஒரு ஃப்ரிட்ஜ் உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடித்து, அது பரவி அலமாரியும் சரக்கும் பக்கத்திலிருந்த இன்னொரு ஃப்ரிட்ஜும் எரிந்தால், முதல் ஃப்ரிட்ஜுக்குப் பணம் வராது, மற்றதெல்லாம் இழப்பீட்டுக் கணக்கில் சேரும். தீயே பிடிக்காமல் மோட்டார் மட்டும் கருகினால் எதுவும் வராது, அதற்கு இயந்திரப் பழுதுக் காப்பீடு என்று தனியாக இருக்கிறது.

பாலிசியில் 'பாதிக்கப்பட்ட அந்தச் சாதனத்துக்கு மட்டும்' என்கிற பொருளில் வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், ஏஜெண்ட் வாயால் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம். அப்புறம், தீ விபத்து நேரக் களேபரத்தில் சரக்கு திருடு போனால் அதுவும் சில பாலிசிகளில் விலக்குதான்.