வலது வென்ட்ரிக்கிள் மாரடைப்பில் நைட்ரேட்டும் சலைனும்

கேள்வி: கீழ்ச்சுவர் மாரடைப்பில் நாக்கடியில் நைட்ரேட் வைத்ததும் பிபி ஏன் திடீரென்று விழுகிறது? அப்போது சலைன் எவ்வளவு ஏற்றலாம்?

காரணம் பெரும்பாலும் வலது வென்ட்ரிக்கிளில் இருக்கும். வலது கரோனரித் தமனி, வலது வென்ட்ரிக்கிளுக்கான கிளைகள் பிரிவதற்கு முன்பே அடைபட்டால், கீழ்ச்சுவரோடு அந்த அறையும் செயலிழக்கிறது. அந்த அறைச் சுவர் மெல்லியது, நுரையீரலின் குறைந்த அழுத்தத்துக்கு எதிராக மட்டுமே வேலை செய்து பழகியது. அது சுருங்காமல் நின்றுவிட்டால், ரத்தம் நுரையீரலுக்குப் போவதற்கு மூன்று துணைகள்தான் மிச்சம்: சிரைகளின் பின்னழுத்தம், வலது ஏட்ரியத்தின் சுருக்கம், இடது வென்ட்ரிக்கிள் சுருங்கும்போது நடுச்சுவர் தரும் உந்துதல். இதில் சிரை அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் நுரையீரல் வழியாக இடப்பக்கத்துக்கு வந்து சேரும் ரத்தம் குறைந்துவிடும். ப்ரீலோடை நம்பியிருக்கும் நிலை என்பது இதுதான்.

நைட்ரேட் முதலில் விரிப்பது சிரைகளை. வயிற்றிலும் கால்களிலும் ரத்தம் தேங்கி, இதயத்துக்குத் திரும்புவது குறைகிறது. இடது வென்ட்ரிக்கிள் ஓரளவு நன்றாகவே இருந்தாலும், பம்ப் செய்ய ரத்தம் இல்லை. பிபி விழுந்ததும் கரோனரி ரத்த ஓட்டமும் குறைந்து, ஏற்கெனவே தவிக்கும் வலது பக்கம் இன்னும் மோசமாகிறது. எல்லா நோயாளிக்கும் இப்படி ஆகும் என்பதில்லை. ஆனால் யாருக்கு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, நைட்ரேட்டால் உயிர் காக்கும் பயனும் பெரிதாகக் கிடைப்பதில்லை, வலிதான் குறைகிறது. ஆகவே சந்தேகம் இருந்தால் தராமல் விடுவதில் இழப்பே இல்லை. டையூரெடிக், மார்ஃபின் இரண்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

சந்தேகப்பட எளிய வழி: கீழ்ச்சுவர் மாரடைப்பு என்று தெரிந்ததும் V4 லீடை மார்பின் வலப்பக்கம் அதே இடத்தில், அதாவது ஐந்தாவது விலா இடைவெளியில், காறை எலும்பின் நடுக்கோட்டில் ஒட்டி V4R எடுங்கள். 1 மிமீ அல்லது அதற்கு மேல் எஸ்டி ஏற்றம் இருந்தால் வலது வென்ட்ரிக்கிள் பாதிப்பு என்று கொள்ளலாம். இந்த ஏற்றம் சில மணி நேரத்தில் மறைந்துவிடக்கூடும், அதனால் முதல் இசிஜியோடு சேர்த்தே எடுப்பது நல்லது. லீட் 2ஐ விட லீட் 3ல் ஏற்றம் அதிகம் என்பதும் ஒரு துப்பு. பிபி குறைவு, கழுத்துச் சிரை புடைப்பு, நுரையீரலில் சத்தமே இல்லாத தெளிவு மூன்றும் சேர்ந்திருந்தால் நோயறிதல் கிட்டத்தட்ட உறுதி. சில்டெனாஃபில் போன்ற மாத்திரை போட்டிருக்கிறாரா என்றும் கேளுங்கள், கூச்சத்தில் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

இப்படி ஒரு நோயாளியை வைத்துப் பார்ப்போம். பிபி 108/70, நாடி 58. V4R எடுக்காமல் 0.4 மிகி நைட்ரோகிளிசரின் வைத்தாயிற்று. ஐந்து நிமிடத்தில் பிபி 72/40, நாடி 44, உடலெல்லாம் வியர்வை. மாத்திரையின் மிச்சம் வாயில் இருந்தால் துப்பச் சொல்ல வேண்டும், பேட்ச் இருந்தால் பிய்த்துத் தோலைத் துடைக்க வேண்டும். கால்களைத் தூக்கி வைத்து, நார்மல் சலைன் 250 மிலியைப் பத்து நிமிடத்தில் ஓடவிடலாம். நாடி இவ்வளவு குறைவாக இருப்பதால் அட்ரோபின் 1 மிகியும் தேவை: மெதுவாகத் துடிக்கும் இதயத்தால், ஒரு துடிப்புக்கு வெளியேறும் அளவு குறைந்த நிலையில், ஈடுகொடுக்க முடியாது. இப்போது 86/52, நுரையீரல் தெளிவு. இன்னொரு 250 மிலி கொடுத்ததும் 96/60.

மூன்றாவது பாட்டிலுக்குக் கை நீளும். அங்கேதான் நிற்க வேண்டும். மொத்தம் 500 மிலி போன பின்னும் பிபி ஏறாமல் கழுத்துச் சிரை மட்டும் மேலே மேலே புடைத்தால், வலது அறை நிரம்பி வழிகிறது என்று பொருள். பெரிகார்டியம் திடீரென்று விரிந்துகொடுக்காது. வீங்கிய வலது அறை நடுச்சுவரை இடப்பக்கம் தள்ளி, இடது அறை நிரம்பும் இடத்தையே குறைத்துவிடும். சலைன் ஏற்ற ஏற்ற பிபி இறங்குவது இதனால்தான். எக்கோ இருந்தால் இந்தத் தள்ளல் கண்ணுக்கே தெரியும். வழக்கமாக 1 லிட்டரைத் தாண்டிப் போக எனக்கு மனம் வராது. முதலிலேயே கழுத்துச் சிரை நன்றாகப் புடைத்திருந்தாலோ, நுரையீரலில் நீர்ச்சத்தம் இருந்தாலோ, சலைனால் லாபம் மிகக் குறைவு.

அதன் பிறகு மருந்துதான். பிபி மிகக் குறைவென்றால் நார்அட்ரினலினில் தொடங்குங்கள். பிபி ஓரளவு நின்றபின் டோபுடமினைச் சேர்க்கலாம், அதை முதலில் கொடுத்தால் ரத்தக்குழாய்களை விரித்து பிபியை இன்னும் இறக்கக்கூடும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்து பிபி விழுந்தால் ஷாக் கொடுத்துச் சீராக்குவதைத் தள்ளிப்போடாதீர்கள், ஏட்ரியத்தின் சுருக்கம் இந்த நோயாளிக்கு ஆடம்பரம் அல்ல. இவையெல்லாம் நேரம் வாங்கும் வேலைகள். அடைப்பைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டிக்கு இதற்காகக் காத்திருக்கக் கூடாது, சலைன் ஓடும்போதே கேத் லேபுக்கு நகர்த்த வேண்டும். தமனி திறந்தால் வலது வென்ட்ரிக்கிள் பெரும்பாலும் வியக்கும் அளவுக்கு மீள்கிறது.