பல அளவுப் பொருள்களுக்கு ஒரே செலவு அலகு
"எங்கள் ஆலையில் மூன்று அளவுகளில் பிளாஸ்டிக் வாளி செய்கிறோம். மாதச் செலவு ஒரே தொகையாக வருகிறது. ஒவ்வொரு அளவுக்கும் அடக்கவிலையை எப்படிப் பிரிப்பது?"

ஏதேனும் ஓர் அளவை நியம அலகாக வைத்து, மற்றவற்றை அதன் மடங்காக மாற்றிக் கூட்ட வேண்டும். ஓர் அளவு நியம அலகில் எத்தனை மடங்கு என்று காட்டும் சமான எண்ணை எதிலிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். நானும் தொடக்கத்தில் எடையை மட்டும் நம்பிச் சறுக்கியவன்தான்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். 5, 10, 20 லிட்டர் வாளிகள் முறையே 20,000, 12,000, 5,000 உற்பத்தியாகின்றன. அவற்றின் எடை 200, 400, 800 கிராம். 10 லிட்டர் வாளியை 1 என்று கொண்டால், சமான எண்கள் 0.5, 1, 2 ஆகும். எனவே மொத்தம் 10,000 + 12,000 + 10,000 = 32,000 நியம அலகுகள். மூலப்பொருள் செலவு ரூ. 12,80,000 என்றால், அலகுக்கு ரூ. 40.

மின்சாரம், கூலி, இயந்திரத் தேய்மானம் ஆகியவை எடையைப் பின்பற்றுவதில்லை; வார்ப்பு இயந்திரம் ஒரு வாளிக்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தையே பெரும்பாலும் பின்பற்றுகின்றன. அந்த நேரம் 24, 30, 48 விநாடி என்று வைத்துக்கொண்டால், எண்கள் 0.8, 1, 1.6 என மாறுகின்றன. சிறிய வாளியின் எடை பாதியாக இருந்தாலும், அச்சு மூடித் திறக்கும் நேரம் பாதியாகிவிடுவதில்லை அல்லவா? இப்போது மொத்தம் 16,000 + 12,000 + 8,000 = 36,000 அலகுகள்; செயலாக்கச் செலவு ரூ. 5,40,000 என்றால், அலகுக்கு ரூ. 15.

ஆக, இரண்டு அலகுச் செலவுகளையும் அதனதன் சமான எண்ணால் பெருக்கிக் கூட்டினால், 5 லிட்டர் வாளிக்கு 20 + 12 = ரூ. 32, 10 லிட்டருக்கு 40 + 15 = ரூ. 55, 20 லிட்டருக்கு 80 + 24 = ரூ. 104. இவற்றை உற்பத்தி எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டினால், மொத்தச் செலவான ரூ. 18,20,000 அப்படியே திரும்பி வர வேண்டும்.

ஆனால் இந்தக் கூட்டல் சரியாக வருவதை மட்டும் வைத்துச் சமான எண்களும் சரி என்று முடிவு செய்துவிடக் கூடாது. மொத்தச் செலவையும் எடையை வைத்தே பிரித்திருந்தால் கூட்டல் அப்போதும் பொருந்தியிருக்கும்; ஆனால் 5 லிட்டர் வாளி ரூ. 28.44 என்றும், 20 லிட்டர் வாளி ரூ. 113.75 என்றும் காட்டியிருக்கும். சிறிய வாளியை ரூ. 30க்கு விற்று லாபம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, உண்மையில் ஒவ்வொன்றிலும் ரூ. 2 நட்டமாகிக்கொண்டிருக்கும். சிறிய அளவுகளின் பங்கு கூடும் மாதங்களில், விலைகள் மாறாமலேயே நியம அலகின் செலவு ஏறினால், இந்தப் பிழை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அச்சு மாற்றும் செலவை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காமல், எந்த அளவுக்காக மாற்றினீர்களோ அதன் மீதே நேரடியாக ஏற்றுங்கள். அச்சையோ வாளியின் கனத்தையோ மாற்றிய அன்றே சமான எண்களையும் மீண்டும் அளந்து திருத்திவிடுங்கள்.