முந்திய கார் எப்படித் திரும்ப வருகிறது? ரப்பர் பேண்டிங் கேள்வி பதில்

தரமணியில் ஒரு மொபைல் கேம் குழுவில் கம்ப்யூட்டர் கார்களை ஓட வைப்பதுதான் நாலு வருடம் என் வேலை. தெரிந்ததைச் சொல்கிறேன். கிராபிக்ஸ் கார்டு எது வாங்கலாம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

மேடவாக்கம்: மூணு லேப் ரேஸ். முதல் லேப்ல சுவத்துல இடிச்சும் ஜெயிச்சேன். அடுத்த தடவை கடைசி அரை லேப்ல அதே மாதிரி ஒரு இடி, தோத்துட்டேன். ஏன்?

கேள்வி இப்படி வந்தால் சந்தோஷமாகப் பதில் சொல்வேன். எங்கள் குழுவில் இருந்ததைச் சுருக்கினால் மூன்று வரிதான்:

```
gap = player_dist - ai_dist
k = clamp(gap / 200, -1, 1)
speed = base_speed * (1 + 0.10 * k)
```

கம்ப்யூட்டர் கார் உங்களுக்கு எத்தனை மீட்டர் பின்னால் இருக்கிறதோ அதற்கேற்ப வேகம் கூடும். முன்னால் போய்விட்டால் குறையும். 200 மீட்டரைத் தாண்டினால் 10 சதவீதத்தோடு நின்றுவிடும். இப்படி இழுத்துப் பிடிப்பதுதான் ரப்பர் பேண்டிங், சுருக்கமாக ரப்பர்.

இப்போது 4 கிலோமீட்டர் டிராக்கில் மூன்று லேப் என்று வையுங்கள். உங்கள் சராசரி நொடிக்கு 50 மீட்டர், அந்தக் காரின் சொந்த வேகம் 48. ரப்பர் இல்லையென்றால் லேப்புக்கு 160 மீட்டர் வீதம் விலகி, முடிவில் 480 மீட்டர் முன்னால் இருப்பீர்கள். ரப்பர் இருந்தால் முதல் லேப் முடிவில் 71 மீட்டர், இரண்டாவதில் 82, மூன்றாவதில் 83. அதற்கு மேல் போகாது. 83 மீட்டர் பின்னால் இருக்கும்போது அந்தக் காருக்குக் கிடைக்கும் கூடுதல் வேகம் சரியாக நொடிக்கு 2 மீட்டர். இருவரும் ஒரே வேகம், இடைவெளி அப்படியே உறைந்துவிடும். ஆக, கடைசி இரண்டு லேப்பிலும் உயிரைக் கொடுத்து ஓட்டி நீங்கள் சம்பாதித்தது 12 மீட்டர்.

இடிக்கு வருவோம். 5 நொடி நின்றால் அந்தக் கார் உங்களைத் தாண்டி 150 மீட்டருக்கு மேல் போய்விடும். போன கையோடு அதன் வேகம் நொடிக்கு 44 மீட்டர் அளவுக்கு விழும். நீங்கள் வழக்கம்போல் ஓட்டினால் சுமார் 45 நொடியில் அதைப் பிடித்துவிடலாம். அரை லேப்புக்குக் கொஞ்சம் கூட. முதல் லேப் இடிக்கு அந்த 45 நொடி தாராளமாக இருந்தது. கடைசி அரை லேப்பில் 40 நொடிதான் மிச்சம்.

பெரம்பூர்: அப்ப என் கேம் ஏமாத்துதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? மினிமேப்ல பார்த்தா பின்னாடி பறந்து வருது.

மினிமேப்பை நம்பாதீர்கள். நீங்கள் திருப்பத்தில் பிரேக் போடும் நேரம் பின்னால் நேர் ரோட்டில் வருகிற எந்தக் காரும் பறக்கிற மாதிரிதான் தெரியும். லேப் டைம் பாருங்கள். ஒரே டிராக், ஒரே கார், ஒரே கடினநிலை. ஒரு தடவை முழு வேகத்தில் ஓட்டுங்கள், இன்னொரு தடவை இரண்டாவது லேப்பை வேண்டுமென்றே உருட்டுங்கள். இரண்டு ரேஸிலும் அதே எதிராளியின் இரண்டாவது லேப் டைமைக் குறியுங்கள். நீங்கள் உருட்டினபோது அவனும் சில நொடி மெதுவாகியிருந்தால் ரப்பர்தான்.

குரோம்பேட்டை: பின்னாடி வர்ற கார் வேகமா வர்றதுக்குப் பேர் ஸ்லிப்ஸ்ட்ரீம். நிஜ ரேஸ்லயே உண்டு. தெரியாம புரளி கிளப்பாதீங்க.

பாதி சரி. முன்னால் போகிற கார் காற்றைக் கிழித்துக் கொடுப்பதால் ஒட்டினாற்போல் வருகிற காருக்கு இழுவை குறையும், பல கேம்களில் அதையும் தனியாக எழுதியிருப்பார்கள். ஆனால் அது சில கார் நீளத்துக்குள் முழு வீச்சில் இருந்து, தூரம் கூடக் கூடத் தேயும். ரப்பர் நேர் தலைகீழ்: தூரம் கூடக் கூட பலம் கூடும். அப்புறம், முன்னால் போன கார் உங்களுக்காக மெதுவாவதை எந்த ஸ்லிப்ஸ்ட்ரீமில் சேர்ப்பீர்கள்?

அயனாவரம்: பையன் இருங்காட்டுக்கோட்டை பக்கம் கார்ட் ஓட்டப் போறான். ரப்பர் படிஞ்சா டிராக் வேகமாகும்ங்கிறாங்க, நிஜமா?

நிஜம்தான், ஆனால் அது டயர் ரப்பர். கார்ட் மெக்கானிக்கைக் கேளுங்கள் ஐயா, என்னைவிட நன்றாகச் சொல்வார்.

அடையாறு: நானும் கேமுக்கு புரோகிராம் எழுதுறேன். டாப் ஸ்பீடை மட்டும் 10% கூட்டினேன், எல்லாக் காரும் திருப்பத்துல வெளியே போய் விழுது.

எல்லாரும் விழுகிற குழி, நாங்களும் விழுந்தோம். திருப்பத்தில் தேவைப்படும் பிடிமானம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 60 மீட்டர் ஆரமுள்ள வளைவில் சாதாரணப் பிடிமானத்துக்கு மணிக்கு 87 கிலோமீட்டர்தான் தாங்கும். அதே வளைவில் 10 சதவீதம் கூடுதலாகப் போக 21 சதவீதம் கூடுதல் பிடிமானம் வேண்டும். அதனால் பலரும் பிடிமானத்தையும் சத்தமில்லாமல் கூட்டிவிடுகிறார்கள். அங்கேதான் ஆட்டக்காரர் கண்டுபிடிக்கிறார்: அவர் சறுக்குகிற வளைவில் பக்கத்துக் கார் தண்டவாளத்தில் போகிற மாதிரி போகும். நான் சொல்வது, வளைவில் கை வைக்காதீர்கள், நேர் ரோட்டில் மட்டும் ரப்பரை இழுங்கள். கார்கள் அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது, பரவாயில்லை.

பெரம்பூர்: மறுபடி நான்தான். நல்லா ஓட்டுறவனுக்குத் தண்டனை, சும்மா ஓட்டுறவனுக்குப் பரிசு. இது மோசடி இல்லையா?

திருவான்மியூர்: பெரம்பூர் அண்ணே, எட்டு வயசுப் பொண்ணோட கேரம் ஆடும்போது ரெட்டை நீங்களே போட்டுடுவீங்களா? விட்டுத்தானே ஆடுவீங்க?

பெரம்பூர்: விட்டு ஆடுவேன். ஆனா அவ ஜெயிக்கப் போறப்ப போர்டைச் சாய்க்க மாட்டேன்.

பெரம்பூர்க்காரர் கடைசியாகச் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஏன் வைக்கிறோம் என்றால், ரப்பரைக் கழற்றிச் சோதித்தபோது நன்றாக ஓட்டினவர் இரண்டாவது நிமிடத்திலிருந்து காலி ரோட்டில் தனியாகப் போனார், புதிதாக வந்தவரும் கடைசியில் தனியாகவே வந்தார். ரேஸ் என்ற பெயரில் இரண்டு பேருக்கும் டிரைவிங் டெஸ்ட். கம்ப்யூட்டர் கார் தோற்கிறவருக்காகக் காத்திருப்பதில் எனக்கு உறுத்தலே இல்லை. ஜெயிக்கிறவரைத் துரத்த, அந்தக் காரால் இயல்பில் முடியாத வேகத்தைக் கொடுப்பதுதான் போர்டைச் சாய்ப்பது. மரியோ கார்ட் 64 அதற்குப் பேர் போனது. 2008இல் வந்த பியூர் என்ற ரேஸ் கேமில் வேகத்துக்குப் பதில் ஓட்டுநரின் திறமையை ஏற்றி இறக்கினார்கள். பின்தங்கின எதிராளி கூர்மையாக ஓட்டுவான், முன்னேறினவன் தப்பு செய்வான்.

பெரம்பூர்: திறமையை ஏத்தினாலும் ஏத்தினதுதானே?

அவன் வண்டிக்கு உள்ள எல்லைக்குள் ஏற்றுவது. உங்களுக்கு இது போதாது என்று தெரிகிறது. என் பழைய மேலாளருக்கும் போதவில்லை.

போரூர்: என் கேம்ல ரப்பர் இருக்கா?

ஆவடி: என் மொபைல் கேம்லயும் இருக்கா சார்?

பெரம்பூருக்குச் சொன்ன முதல் பதில். லேப் டைம். மினிமேப் வேண்டாம்.

மேடவாக்கம்: அப்ப கடைசி வரைக்கும் சும்மா உருட்டிட்டு, முடிவுல மட்டும் மிதிச்சா போதுமா?

மேலே சொன்ன கணக்குப்படி போதும். நொடிக்கு 46 மீட்டரில் உருட்டினால் அந்தக் கார் 83 மீட்டர் முன்னால் போய் அங்கேயே காத்திருக்கும். முடிவுக்கு 30 நொடி இருக்கும்போது 50க்கு ஏறினால் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் தாண்டிவிடலாம். ஆனால் சில கேம்களில் கடைசி லேப்பில் ரப்பரை அறுத்துவிடுவார்கள். அப்போது நொடிக்கு 2 மீட்டர் வீதம் 83 மீட்டரைப் பிடிக்க 40 நொடிக்கு மேல் ஆகும். எந்த வகை என்று தெரிய, எதிராளியின் கடைசி லேப் டைமைத் தனியாக எழுதிப் பாருங்கள்.