எஃப்டி, ஆர்டி கரோசலில் எதை எழுதலாம், எதை விடலாம்

கேள்வி: இப்போதுதான் சம்பளம் வாங்கத் தொடங்கியவர்களுக்காக எஃப்டி, ஆர்டி ஒப்பீடு ஒன்றை இன்ஸ்டாவில் கரோசலாகப் போடப்போகிறேன். ஆறு ஸ்லைடுதான். எளிமையாக, ஒரு பக்கம் சாயாமல் என்ன எழுதலாம்?

'எதில் வட்டி அதிகம்?' என்று இரண்டையும் அருகருகே நிறுத்தும் ஸ்லைடு மட்டும் வேண்டாம். இந்தத் தலைப்பில் வரும் பதிவுகளில் பெரும்பாலானவை அங்கேதான் வழுக்குகின்றன.

ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் டெபாசிட் கவுண்டரில் சில வருடங்கள் உட்கார்ந்திருக்கிறேன். ஆர்டி முடிந்து பணம் வாங்க வருபவர்களில் பாதிப் பேர் பாஸ்புக்கை நீட்டிக் கேட்கும் கேள்வி இது: "சார், 7 சதவீதம்னு சொன்னீங்க. கணக்குப் போட்டா நாலு சதவீதம்கூட வரலையே?" யாரும் ஏமாற்றவில்லை. அவர்கள் கணக்குப் போட்ட விதம்தான் வேறு. உங்கள் கரோசல் இந்த ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிட்டாலே போதும் என்பேன். அதனால் அதற்கே அதிக இடம் கொடுத்து எழுதியிருக்கிறேன்.

ஸ்லைடு 1
"கையில் மொத்தமாகப் பணம் இருக்கிறதா? எஃப்டி.
மாதாமாதம் சம்பளத்தில்தான் மிச்சமாகிறதா? ஆர்டி."

இரண்டுக்கும் அடிப்படை வேறுபாடு இவ்வளவுதான். எஃப்டியில் ஒரு தொகையை ஒரே தடவையில் போட்டு, குறிப்பிட்ட காலம் தொடாமல் வைக்கிறோம். ஆர்டியில் ஒரே அளவுத் தொகையை மாதாமாதம் கட்டுகிறோம். பெரும்பாலான வங்கிகளில் ஒரே காலத்துக்கு இரண்டிலும் வட்டி விகிதம் ஒன்றுதான். இதை முதல் ஸ்லைடிலேயே சொல்லிவிட்டால் 'எது ஜெயிக்கும்' என்ற எதிர்பார்ப்பு அடங்கிவிடும்.

ஸ்லைடு 2
"மாதம் ₹5,000, 12 மாதம், 7% வட்டி.
நீங்கள் கட்டியது ₹60,000.
கிடைக்கும் வட்டி சுமார் ₹2,310.
ஏன் ₹4,200 இல்லை? அடுத்த ஸ்லைடில்."

7% என்பது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டது. ஸ்லைடின் அடியில் சின்ன எழுத்தில் 'உதாரணத்துக்கு மட்டும். உங்கள் வங்கியின் இன்றைய விகிதத்தைப் பாருங்கள்' என்று கண்டிப்பாகப் போடுங்கள். இல்லையென்றால் கமெண்டில் "எங்க பேங்க்ல 6.25 தானே குடுக்கறாங்க" என்று சண்டைக்கு வருவார்கள்.

ஸ்லைடு 3
"முதல் மாதம் கட்டிய ₹5,000, 12 மாதம் இருந்தது: வட்டி சுமார் ₹359.
கடைசி மாதம் கட்டிய ₹5,000, ஒரே மாதம் இருந்தது: வட்டி சுமார் ₹29.
விகிதம் ஒன்றுதான். இருந்த காலம்தான் வேறு."

கரோசலின் உயிர் இந்த ஸ்லைடுதான். பன்னிரண்டு தவணைகளும் சராசரியாக ஆறரை மாதம்தான் வங்கியில் இருக்கின்றன. அதனால் வட்டியும் ஏறக்குறைய பாதிதான் வரும். அதே 60,000 ரூபாயை முதல் நாளே எஃப்டியில் போட்டிருந்தால், காலாண்டுக் கூட்டு வட்டியோடு 4,300 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வந்திருக்கும். உண்மைதான். ஆனால் முதல் மாதச் சம்பளத்தில் 60,000 ரூபாயை ஒதுக்க முடிந்தவருக்கு ஆர்டி எதற்கு? ஆக, இந்த இரண்டு எண்களையும் ஒரே ஸ்லைடில் போடாதீர்கள். போட்டால் 'எஃப்டி இரண்டு மடங்கு லாபம்' என்றுதான் படிப்பவர் மனதில் பதியும்.

ஆர்டியை ஒப்பிட வேண்டிய ஆளே வேறு. அந்த 5,000 ரூபாயை மாதாமாதம் சேமிப்புக் கணக்கிலேயே விட்டிருந்தால் என்ன வரும் என்று பாருங்கள். 2.5% வட்டிக்கு வருடத்தில் 800 ரூபாய் சொச்சம்தான். வித்தியாசம் சுமார் 1,500 ரூபாய். பெரிய தொகை என்று நான் சொல்லமாட்டேன், நீங்களும் பெரிதாகக் காட்ட வேண்டாம். சேமிப்புக் கணக்கில் கிடக்கும் பணம் யுபிஐ வழியாக டீக்கடைக்கும் டெலிவரி ஆப்புக்கும் கரைந்துவிடும். ஆர்டிக்குப் போன பணம் அப்படிக் கரையாது. ஆர்டியின் நிஜமான லாபம் அதுதான்.

ஸ்லைடு 4
"தவணை தவறினால்? ஆர்டியில் அபராதம் உண்டு.
ஆட்டோ டெபிட் தேதியைச் சம்பளம் வரும் தேதிக்கு நாலைந்து நாள் கழித்து வையுங்கள்."

இதைச் சின்ன விஷயம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். வங்கிக்கு வங்கி விதி மாறும் என்றாலும் ஓர் அளவு சொல்கிறேன். ஸ்டேட் வங்கியில் 5 வருடம் வரையிலான ஆர்டிக்குத் தவறிய தவணையில் 100 ரூபாய்க்கு மாதம் 1.50 ரூபாய். அஞ்சலகத்தில் 100 ரூபாய்க்கு 1 ரூபாய். கேட்கும்போது பிசாத்து காசு மாதிரி இருக்கும். ஆனால் 5,000 ரூபாய்த் தவணை ஒரு மாதம் தவறினால் ஒன்றரை ரூபாய்க் கணக்கில் 75 ரூபாய் போகிறது. அந்த 5,000 ரூபாய் ஒரு மாதத்தில் சம்பாதிப்பதோ 29 ரூபாய். வருடக் கணக்கில் பார்த்தால் 18% அபராதம், 7% வட்டி.

பெரும்பாலும் தவணை தவறுவது பணம் இல்லாததால் அல்ல. ஒன்றாம் தேதி ஞாயிறு, சம்பளம் மூன்றாம் தேதி ஏறும். டெபிட் ஒன்றாம் தேதியே வந்து திரும்பிப் போயிருக்கும். தேதியை ஐந்து அல்லது ஏழு என்று வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. தொகையையும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டும் அளவுக்கு வைக்கக் கூடாது. பெரும்பாலான ஆர்டிகளில் நடுவில் தவணையைக் குறைக்கவோ கூட்டவோ முடியாது. 5,000 முடியுமா என்று தயக்கம் இருந்தால் 3,000க்கு ஒன்று, 2,000க்கு ஒன்று என இரண்டாகத் திறக்கலாம். முடியாமல் போனால் ஒன்றை மட்டும் மூடினால் போதும்.

ஸ்லைடு 5
"அவசரத்துக்குப் பணம் வேண்டுமா? இரண்டையும் உடைக்கலாம்.
அசல் குறையாது. வட்டி குறையும்."

எஃப்டியை உடைத்தால் பணமே போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நடப்பது இதுதான். 60,000 ரூபாயை ஒரு வருடத்துக்கு 7% வட்டியில் போட்டு, ஆறாவது மாதம் உடைக்கிறீர்கள். வங்கி இப்போது 7% தராது. நீங்கள் போட்ட அன்று ஆறு மாத டெபாசிட்டுக்கு என்ன விகிதமோ அதை எடுக்கும். அது 6% என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் அரை அல்லது ஒரு சதவீதம் அபராதமாகக் கழியும். ஒரு சதவீதம் கழிந்தால் 5%, அதாவது சுமார் 1,500 ரூபாய் வட்டி. உடைக்காமல் இருந்திருந்தால் அந்த ஆறு மாதத்துக்கு 2,100 ரூபாய் வந்திருக்கும். இழப்பு 600 ரூபாய். வருத்தம்தான், ஆனால் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கிரெடிட் கார்டைத் தேய்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆர்டிக்கும் ஏறக்குறைய இதே முறைதான்.

வங்கி ஆர்டிக்கும் அஞ்சலக ஆர்டிக்கும் பெரிய வித்தியாசம் இங்கேதான் வருகிறது. வங்கியில் ஆறு மாதம், ஒரு வருடம் என்று காலத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம். அஞ்சலகத்தில் ஆர்டி என்றாலே 5 வருடம். மூன்று வருடம் முடிந்தால்தான் நடுவில் மூட முடியும். அப்படி மூடினாலும் சேமிப்புக் கணக்கின் வட்டிதான் கிடைக்கும். முதல் வேலையில் இருப்பவருக்கு 5 வருடம் நீண்ட காலம். ஊர் மாறும், கல்யாணம் வரும். மாதம் 100 ரூபாயிலிருந்தே கட்டலாம், மத்திய அரசின் உத்தரவாதம் உண்டு என்பதெல்லாம் அதன் பலம். இரண்டு பக்கத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

ஸ்லைடு 6
"ஆர்டி முடிந்ததும் அந்தப் பணத்தை எஃப்டி ஆக்குங்கள். அடுத்த ஆர்டியைத் தொடங்குங்கள்."

பலர் கோட்டை விடுகிற இடம் இது. எஃப்டி முதிர்ந்தால் அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதி உண்டு. ஆர்டி முதிர்ந்தால் பெரும்பாலும் பணம் சேமிப்புக் கணக்கில் வந்து விழுந்துவிடும். 62,310 ரூபாய் மொத்தமாகத் தெரிந்ததும் புது போன் ஞாபகம் வரும். வந்த வாரத்திலேயே 60,000 ரூபாயை எஃப்டிக்கு மாற்றி, மிச்சம் 2,310 ரூபாயைத் தாராளமாகச் செலவு செய்யட்டும். தீபாவளி போனஸுக்கும் இதே வழிதான்: மொத்தமாக வருவதால் எஃப்டி.

வட்டி விகிதம் ஏறுமா இறங்குமா என்ற கேள்வி கமெண்டில் வரும். ஆர்டி திறந்த அன்றைய விகிதமே கடைசித் தவணை வரை நிற்கும். 2025இல் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான ரெப்போ விகிதத்தை 6.5 சதவீதத்திலிருந்து படிப்படியாக 5.25 வரை இறக்கியது. டெபாசிட் வட்டியும் கூடவே இறங்கியது. அந்த ஜனவரியில் ஆர்டி திறந்தவருக்கு வருடம் முழுக்கப் பழைய விகிதமே கிடைத்தது. மாதாமாதம் சின்னச் சின்ன எஃப்டி போட்டவருக்கு அடுத்தடுத்தவற்றில் குறைந்துகொண்டே வந்தது. 2022 மே மாதம் முதல் ரெப்போ ஏறிய காலத்தில் இதற்கு நேர்மாறு. முன்கூட்டியே தெரிந்து யாரும் செய்வதில்லை, அதனால் இதை ஸ்லைடாக்க வேண்டாம்.

வரி பற்றி கேப்ஷனில் இரண்டு வரி போதும். இரண்டு வட்டிக்கும் வருமான வரி உண்டு, ஒரே மாதிரி. 2025 ஏப்ரல் முதல் 60 வயதுக்கு உட்பட்டவருக்கு ஒரு வங்கியில் வருட வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் வங்கியே வட்டியிலிருந்து வரியை முன்கூட்டி டிடிஎஸ் என்று பிடிக்கும். ஆனால் டிடிஎஸ் பிடிக்கவில்லை என்பதற்காக அந்த வட்டியை வருமானக் கணக்கில் காட்டாமல் விடக் கூடாது. பாதுகாப்புக்கும் ஒரு வரி: ஒரே வங்கியில் சேமிப்பு, எஃப்டி, ஆர்டி எல்லாம் சேர்த்து, வட்டியும் சேர்த்து, ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரைதான் டெபாசிட் காப்பீடு. ஆர்டிக்கு 5 லட்சம், எஃப்டிக்குத் தனியே 5 லட்சம் என்று ஒரு கரோசல் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து எழுதிவிடாதீர்கள்.